வேலைச் செய்தவன் யார்?

"மழைப் பெய்தது" என்று எழுதுகிறவரைத் தமிழ் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் என்ற ஒற்றைப் பற்றி எதுவுமே தெரியாதவர் "மழை பெய்தது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அது சரியாகவும் இருந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு ப் வைப்பதற்குப் பாதி இலக்கணமாவது தெரிந்திருக்க வேண்டும். ஐகாரத்தில் முடியும் சொல்லுக்கு அடுத்து வல்லினம் வந்தால் மிகும் என்று எங்கோ படித்திருக்க வேண்டும், எப்போது மிகாது என்ற மறுபாதியைப் படிக்காமல் விட்டிருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் தமிழில் இப்போது இந்தப் பாதி இலக்கணம்தான் கொட்டிக் கிடக்கிறது. "அந்தப் பெண்", "ஊருக்குச் சென்றார்", "நன்றாகப் படித்தாள்" என்று பத்து வரிக்கு ஒற்றுகள் அச்சுப் பிசகாமல் வரும். பதினோராவது வரியில் "கூரைப் பிரிந்தது" என்றோ "தொட்டிக் கசிகிறது" என்றோ ஒன்று வந்து நிற்கும்.

இந்தத் தமிழைப் பார்த்து "ஒற்றுப்பிழையே இல்லை" என்று வியக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பள்ளிக்கூடப் பயிற்சி அப்படி. விடுபட்ட ஒற்றுக்கு அடியில்தான் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். கூடுதலாகப் போட்ட ஒற்று, தெரிந்தே போட்டதுபோல ஒரு கம்பீரத்தோடு தப்பித்துவிடும். உண்மையில் விடுபட்ட ஒற்றால் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. "ஊருக்கு சென்றார்" என்பதைப் படிக்கிற யாரும் அவர் வேறெங்கோ போனார் என்று எண்ணப் போவதில்லை. இருக்கக் கூடாத ஒற்று அப்படியல்ல, அது இரண்டு சொற்களுக்கு இடையே இல்லாத உறவு ஒன்றை உண்டாக்கிவிடும்.

நூற்பாவின் கடைசிச் சொற்கள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூலின் 165ஆம் நூற்பா இதன் வேர். "இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும் விதவாதன மன்னே." உயிரெழுத்தில் முடிந்து நிற்கும் சொல்லுக்கு அடுத்து க, ச, த, ப வந்தால் மிகும், ஆனால் "விதவாதன", அதாவது வேறு விதி சொல்லப்படாத இடங்களில் மட்டும். எடையெல்லாம் அந்தக் கடைசிச் சொற்களில் இருக்கிறது. வேறு விதி சொல்லப்பட்ட இடங்கள் தமிழில் ஏராளம். எழுவாயை அடுத்துப் பயனிலை வந்தால் மிகாது. இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நின்றால் மிகாது. இரண்டு பெயர்கள் "உம்" மறைந்து இணைந்தால் மிகாது. பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. இவை ஒவ்வொன்றும் அன்றாடத் தமிழில் நொடிக்கொரு தரம் வரும் தொடர்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதற்பாதி எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடக் கூடியது. சொல்லின் ஈறு உயிரா, அடுத்த சொல்லின் முதல் எழுத்து வல்லினமா, முடிந்தது. இரண்டாம் பாதி அப்படிச் சொல்ல முடியாதது. இந்தப் பெயர் எழுவாயா, செயப்படுபொருளா, அடைமொழியா என்று தொடரைப் புரிந்துகொண்டால்தான் தெரியும். எழுத்தில் தெரிகிற பாதியை இயந்திரம் பிடித்துக்கொண்டது. உறவில் இருக்கிற பாதியில் தடுமாறுகிறது.

அது எழுதும் முறையும் இதற்கு ஒரு காரணம். இத்தகைய மென்பொருள் தொடரை முழுதாக யோசித்துவிட்டு எழுத்தில் இறக்குவதில்லை. இடமிருந்து வலமாகச் சின்னச் சின்னத் துண்டுகளாக, இதுவரை வந்ததற்கு அடுத்து எது வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. நாம் "அந்த" என்று எழுதி, "பையன்" என்று எழுதி, திரும்பிப் போய் நடுவில் ஒரு ப் போடலாம். அதற்குத் திரும்பிப் போக வழியில்லை. "அந்தப்" என்று எழுதிவிட்டால் அடுத்த சொல் ப-வில் தொடங்கியே ஆக வேண்டும். அடுத்த சொல் எது என்று முடிவாகும் முன்பே ஒற்றைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய கட்டாயம். "கூரை" என்று எழுதியபின், அடுத்து வருவது "பிரிந்தது" என்ற வினையா, "பலகை" என்ற பெயரா என்பதற்கு முன்பே ப் வந்துவிடுகிறது. அதன் பிறகு எந்தச் சொல் வந்தாலும் அந்த ஒற்று அங்கேயே இருக்கும்.

இதில் பதிப்பாசிரியர்களுக்குப் பயன்படும் ஒரு தடயம் உண்டு. "அந்தப் கடை", "இந்தப் நூல்" போல ஒற்று ஒன்றும் அடுத்த எழுத்து வேறொன்றுமாக வரும் பிழை, ஒரே மூச்சில் இயந்திரம் எழுதிய தமிழில் அரிது. அது பெரும்பாலும் மனிதக் கை பட்ட இடம்: "புத்தகம்" என்று இருந்ததை "நூல்" என்று மாற்றியவர் முன்னால் இருந்த ப்-பை எடுக்க மறந்திருப்பார். அல்லது வார்ப்புருவில் பெயரை மட்டும் மாற்றி நிரப்பியிருப்பார்கள்.

வேல், கால், மால்

எல்லாத் தடுமாற்றமும் சேர்ந்து வரும் இடம் ஐகார ஈறு. தமிழில் ஐ என்பது இரண்டாம் வேற்றுமை உருபு. அது வெளிப்பட நின்றால் வல்லினம் கட்டாயம் மிகும். பாடலைப் பாடினாள், கதவைத் திறந்தான், பணத்தைக் கொடுத்தார். அதே ஐ, எத்தனையோ பெயர்ச்சொற்களின் இயல்பான ஈறும் ஆகும். மழை, கதை, கடை, விலை, கூரை, வேலை. இவற்றில் உள்ள ஐ உருபு அல்ல, சொல்லின் உடம்பு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடும் இடத்தில்தான் ஒற்றின் வேலை தெரியவரும். வேல் என்ற ஆயுதப் பெயரோடு ஐ சேர்ந்தால் வேலை. தொழிலுக்கும் வேலை என்றே பெயர். "பார்வதி முருகனுக்கு வேலைக் கொடுத்தாள்" என்றால் சூரனை வெல்ல ஆயுதம் கொடுத்தாள். "மேலாளர் முருகனுக்கு வேலை கொடுத்தார்" என்றால் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தினார். "வேலைச் செய்தான்" என்றால் கொல்லன் உலைக்களத்தில் ஒரு வேலை அடித்து உருவாக்கினான்; "வேலை செய்தான்" என்றால் பாடுபட்டான். கால் என்பதற்கும் இப்படியே. "காலைக் கடித்த நாய்" காலில் பல் பதித்தது. "காலை கடித்த நாய்" பொழுது விடிந்ததும் யாரையோ கடித்தது. மாலை போட்டார் என்றால் பூமாலை. "மாலைப் போட்டார்" என்றால் திருமாலைத் தூக்கிக் கீழே போட்டார் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

இந்த இணைகள் விளையாட்டாகத் தோன்றினாலும் இவற்றில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. "வேலை செய்தான்" என்பதிலும் செயப்படுபொருள் இருக்கிறது; வேலையைச் செய்தான் என்பதுதான் அதன் விரிவு. ஆனால் அந்த "யை" மறைந்து நிற்கிறது. உருபு தெரிந்தால் மிகும், மறைந்தால் மிகாது. கதையைச் சொன்னாள், கதை சொன்னாள். துணியைத் துவைத்தான், துணி துவைத்தான். கனியைத் தின்றான், கனி தின்றான். உருபு மறைந்த இடத்தில் ஒற்றும் இல்லாததால்தான், ஒற்று இருக்கும் இடத்தில் அது உருபைக் காட்டுகிறது. இரண்டிலும் போட்டுவிட்டால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். ஐ, இ போன்ற உயிரில் முடியும் ஒரு பெயருக்குப் பின் ஒற்று வந்திருந்தால், அந்தப் பெயரோடு "யை" சேர்த்துப் பாருங்கள். வேலையைச் செய்தான் என்று பொருந்துகிறதா, அடுத்து நிற்பது வினைச்சொல்லா? அப்படியானால் முன்பிருந்த ஐ உருபு அல்ல, ஒற்றை எடுத்துவிடலாம். "யை" பொருந்தாமல் "மழை பெய்தது" போலத் தானே செய்யும் எழுவாயாக நின்றாலும் எடுத்துவிடலாம். அடுத்து நிற்பது பெயராக இருந்து, இரண்டும் சேர்ந்து ஒரே பொருளின் பெயராகிறது என்றால் ஒற்று இருக்கட்டும். மழைக் காலம், கூரைப் பலகை, வேலைத் திட்டம், கதைப் புத்தகம்.

இயந்திரம் எல்லா இடத்திலும் தவறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "வேலை செய்", "கதை சொல்" போன்றவை புழக்கம் மிகுந்த தொடர்கள் என்பதால் சரியாகவே வருவது அதிகம். அடிக்கடி வராத இணைகளில்தான் எழுத்து விதிக்குச் சாய்கிறது. அதோடு, கற்க எடுத்துக்கொண்ட உரைகளில் மனிதர்களே போட்ட மிகை ஒற்றுகள் நிறைய உண்டு. "என்றுக் கூறினார்", "இருந்துக் கொண்டு", "செய்துப் பார்" எல்லாம் இணையம் வந்த நாளிலிருந்து நாம் எழுதி வைத்தவை.

ஒரு பத்தியைத் திருத்துவது

கீழே உள்ள பத்தி ஒரே இடத்தில் கிடைத்ததல்ல. இத்தகைய உரைகளில் தனித்தனியாக வரும் வகைகளைச் சேர்த்துக் கட்டியது.

"காலை பத்து மணிக்குக் கடைத் திறந்தது. மழைப் பெய்துக் கொண்டிருந்ததால் வேலைச் செய்ய ஐந்துப் பேர் மட்டுமே வந்தனர். முதலாளித் தட்டில் வெற்றிலைப் பாக்கு வைத்து, நடிகைச் சாவித்திரியின் படத்துக்கு மாலைப் போட்டார். எல்லோரும் சிற்றுண்டிச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டனர்."

முதலில் எழுவாய்கள். கடை திறந்தது, மழை பெய்தது, முதலாளி வைத்தார். மூன்றிலும் ஒற்று போக வேண்டும். "முதலாளித் தட்டில்" என்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஒற்றைப் போட்டதும் அது முதலாளியின் தட்டாகிவிடுகிறது. வெற்றிலையை வைத்தது யார் என்றே தெரியாமல் போகிறது. அடுத்தது செயப்படுபொருள்கள்: வேலை செய்ய, மாலை போட்டார், சிற்றுண்டி சாப்பிட்டு. "யை" சேர்த்துப் பார்த்தால் மூன்றும் பொருந்துகின்றன, ஆகவே மூன்றிலும் ஒற்று இல்லை. சிற்றுண்டிச் சாலை என்று இருந்திருந்தால் ச் சரி, அது பெயரோடு பெயர் சேர்ந்தது.

"வெற்றிலைப் பாக்கு" பெயரோடு பெயர்தான், ஆனாலும் தவறு. வெற்றிலையும் பாக்கும் என்ற இரண்டு பொருள்கள் அவை. "உம்" மறைந்த இடத்தில் மிகாது: வெற்றிலை பாக்கு, கை கால், இட்டலி சட்னி. தேங்காய்ச் சட்னியில் ச் இருக்கும், ஏனென்றால் அங்கே தேங்காயால் ஆன சட்னி என்று ஒரே பொருள். இட்டலிக்குப் பின் ச் போட்டால் இட்டலியை அரைத்துச் சட்னி செய்ததாக ஆகும்.

"பெய்துக் கொண்டிருந்ததால்" வினையெச்சம். இதற்கு உறவைப் பார்க்க வேண்டியதில்லை, கடைசி எழுத்துக்கு முந்திய மெய்யைப் பார்த்தால் போதும். படித்து, கேட்டு, விற்று என்று அது இரட்டித்த வல்லினமாக இருந்தால் மிகும்: படித்துப் பார்த்தான், கேட்டுக் கொண்டான், விற்றுத் தீர்த்தான். வந்து, நின்று, என்று, உண்டு போல மெல்லினம் இருந்தாலும், செய்து, பெய்து போல இடையினம் இருந்தாலும் மிகாது. ஆகவே பெய்து கொண்டிருந்தது. பத்தியின் கடைசி வரியில் "சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டனர்" என்பதில் ட்டு இருப்பதால் ப் சரிதான். அவசரத்தில் அதையும் சேர்த்து நீக்கிவிடக் கூடாது.

"ஐந்துப் பேர்" எண்ணுப்பெயர். ஒன்று முதல் பத்து வரை எட்டுக்கும் பத்துக்கும் மட்டுமே மிகும் என்பது நடைமுறை விதி. எட்டுத் தொகை, பத்துப் பாட்டு என்ற பெயர்களை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஐந்து பேர், மூன்று கடை, நான்கு பக்கம்.

எஞ்சியது "நடிகைச் சாவித்திரி". சாரைப் பாம்பு, மல்லிகைப் பூ போலப் பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும் சேரும்போது ஒற்று மிகும் என்பது உண்மைதான். ஆனால் மனிதரைக் குறிக்கும் பெயர்களுக்கு நன்னூல் தனியாக வழி வைத்திருக்கிறது: "ஆவி யரமுன் வன்மை மிகா". இரு திணைக்கும் பொதுவான பெயரும் உயர்திணைப் பெயரும் உயிரிலோ ய், ர் என்ற மெய்களிலோ முடிந்தால், அடுத்து வரும் வல்லினம் மிகாது. நூற்பாவைப் படிக்காதவர்களும் இதை வழுவாமல் பின்பற்றுகிறார்கள். தந்தை பெரியார், மகாகவி பாரதி, நடிகை சாவித்திரி. "தந்தைப் பெரியார்" என்று கையால் எழுதிய சுவரொட்டியைக் காண்பது கடினம். எழுத்து விதியை மட்டும் கற்ற மென்பொருளுக்கு அது சாரைப் பாம்பின் வரிசையில் போய்ச் சேர்கிறது.

திருத்திய பத்தி: "காலை பத்து மணிக்குக் கடை திறந்தது. மழை பெய்து கொண்டிருந்ததால் வேலை செய்ய ஐந்து பேர் மட்டுமே வந்தனர். முதலாளி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நடிகை சாவித்திரியின் படத்துக்கு மாலை போட்டார். எல்லோரும் சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டனர்." பன்னிரண்டு ஒற்றுகளில் இரண்டுதான் மிஞ்சின.

சரியாக இருப்பதும் ஒரு தொல்லை

பிழை இல்லாத இடத்திலும் இயந்திரத் தமிழ் மனிதத் தமிழிலிருந்து விலகி நிற்கிறது. ஒற்று என்பது இரண்டு சொற்களை ஒரே மூச்சில் சொல்வதன் எழுத்து வடிவம். எழுதுகிறவர் நடுவில் மூச்சு விட்டால் அது மறையும். "அவளுக்குச் சொன்னேன்" என்று தொடர்ந்து எழுதினால் ச் வேண்டும். "அவளுக்கு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு வருத்தமும் இல்லை" என்று இடையில் வெட்டினால் காற்புள்ளி ஒற்றை விழுங்கிவிடும். "பழத்தைக், கொட்டையோடு" என்று காற்புள்ளிக்கு முன்னால் க் வருவது, வாயால் சொல்லிப் பார்க்காத எழுத்து. மேற்கோள் குறிக்கு முன்னும் இலக்கத்துக்கு முன்னும் பெரும்பாலோர் ஒற்றை விட்டுவிடுகிறார்கள். "இந்தப் பத்து பேர்" என்றும் "இந்தப் பத்துப் பேர்" என்றும் எழுதுகிறவர்கூட "இந்த 10 பேர்" என்றுதான் எழுதுவார்.

கடன்சொற்களில் இது இன்னும் நுட்பமாகிறது. பஸ், பேங்க், எரிவாயுவைக் குறிக்கும் கேஸ் போன்ற சொற்கள் மெல்லொலியில் தொடங்குபவை. தமிழ் எழுத்தில் ப-வும் க-வும்தான் அவற்றுக்கு உண்டு. முன்னால் ஒற்று வந்தால் வாசிக்கிறவரின் நாக்கு வல்லொலிக்குப் போய்விடும். "இந்தப் பாட்டில் என்ன இருக்கிறது" என்று எழுதினால் யாரும் ஒரு பாடலைத்தான் நினைப்பார்கள். கண்ணாடிக் குப்பியைச் சொல்ல வேண்டுமானால் "இந்த பாட்டில்" என்று ஒற்றில்லாமல் எழுதுவதே உதவும். இதற்கு இலக்கண நூலில் விதி கிடையாது. ஆனாலும் "அந்த பஸ்" என்றும் "அந்தப் பையன்" என்றும் ஒரே பக்கத்தில் எழுதுகிறவரைக் கவனமில்லாதவர் என்று சொல்வது பொருந்தாது. அவர் காதால் எழுதுகிறார். இயந்திரமோ இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "அந்தப் பஸ்" என்கிறது. அப்படி எழுதும் மனிதர்களும் உண்டு, தவறில்லை; ஆனால் அவர்கள் தெரிந்து தேர்ந்தெடுக்கிறார்கள்.

உரையாடல் எழுதும்போது இந்தச் சீர்மை பட்டெனத் தெரிந்துவிடும். கதைசொல்லி "வீட்டிற்குச் சென்றான்" என்று எழுதலாம். அவன் வாயில் "வீட்டுக்கு போறேன்", "வீட்டுக்குப் போறேன்" இரண்டும் வரும், ஊரையும் அவசரத்தையும் பொறுத்து. பேச்சு வினைகளைப் போட்டுவிட்டு ஒற்றுகளை மட்டும் பாடநூல் ஒழுங்கில் வைத்தால், அந்தப் பாத்திரம் பேசவில்லை, மனப்பாடம் ஒப்பிக்கிறது. "வீட்டிற்கு, நாட்டிற்கு, காட்டிற்கு" என்று இற்கு மட்டுமே வந்து, "வீட்டுக்கு" ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத உரையையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

கோயிலும் கோவிலும்

ஒற்றில் இவ்வளவு கறாராக இருக்கும் அதே உரை, எழுத்துக்கூட்டலில் நேர்மாறாக நடந்துகொள்ளும். முதல் பத்தியில் கோயில், மூன்றாம் பத்தியில் கோவில். தலைப்பில் கட்டடம், உள்ளே கட்டிடம். கருப்பு ஒரு வரியில், கறுப்பு மறுவரியில். இணைகளில் இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருப்பவை, எதையும் பிழை என்று அடிக்க முடியாது. கடன்சொற்களில் மூன்று நான்கு வடிவங்கள் இருக்கும்: சாஃப்ட்வேர், சாப்ட்வேர், சாஃட்வேர்; இன்டர்நெட், இண்டர்நெட், இன்டெர்நெட். துண்டு துண்டாகக் கணித்து எழுதும்போது ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வு புதிதாக நடக்கிறது. சற்று முன் எழுதியது அருகில் இருந்தால் அதையே பின்பற்றும், தூரம் கூடக் கூட நழுவும்.

நல்ல பதிப்பகத்தில் இதற்குச் சொற்பட்டியல் இருக்கும். கோயில் என்று முடிவு செய்தால் நூல் முழுக்க கோயில். அதே வேலையை இங்கும் செய்ய வேண்டும். ஆனால் மேற்கோளிலும் ஊர்ப் பெயரிலும் கைவைக்கக் கூடாது. நாகர்கோவிலை நாகர்கோயில் ஆக்கிவிட்டு, அது ஏன் தேடலில் வரவில்லை என்று கேட்பதில் பயனில்லை. துணைவினைகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும், ஏனென்றால் அங்கே இடைவெளிக்கும் பொருள் உண்டு. "கேட்டுக்கொண்டார்" என்று சேர்த்தால் வேண்டினார்; "கேட்டுக் கொண்டு வந்தார்" என்று பிரித்தால் இரவல் வாங்கி எடுத்து வந்தார் என்றும் படிக்கலாம்.

தேடிப் பிடிக்க

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே க், ச், த், ப் என்று முடியும் எந்தச் சொல்லும் ஒன்று சந்தியால் வந்தது, இல்லையேல் பேஸ்புக், ஷாப் போன்ற கடன்சொல். இந்த ஒரு உண்மையே தேடலுக்குப் போதுமானது. பைதானிலோ, regex எனப்படும் சுருங்குறித் தொடரை `\u` வடிவத்தோடு ஏற்கும் உரைத்தொகுப்பானிலோ இதைக் கொடுத்தால், அடுத்த எழுத்தோடு பொருந்தாத ஒற்றும் காற்புள்ளிக்கு முன் நிற்கும் ஒற்றும் சிக்கும்:

```
([கசதப])\u0BCD[ ,](?!\1)
```

`\u0BCD` என்பது புள்ளி. ஒருங்குறியில் ப் என்பது ப, புள்ளி என்ற இரண்டு குறிகள் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது தேடல் உயிரீற்றுப் பெயர்களுக்கு:

```
(மழை|வேலை|விலை|கடை|கதை|மாலை|கூரை)[கசதப]\u0BCD 
```

கடைசியில் ஓர் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் உரையில் வரும் ஐகாரப் பெயர்களை அடைப்புக்குள் சேர்த்துக்கொள்ளலாம். இது மழைக் காலத்தையும் பிடிக்கும், மழைப் பெய்ததையும் பிடிக்கும். எதை விடுவது, எதைத் திருத்துவது என்று கண்ணால்தான் முடிவெடுக்க வேண்டும். "அனைத்தையும் மாற்று" பொத்தானை இங்கே தொடவே கூடாது.

அப்படிப் பார்க்கும்போது சில இடங்களில் கை நிற்கும். "கடை திறந்தது" தெளிவு. "கடை திறப்பு விழா" என்பதா, "கடைத் திறப்பு விழா" என்பதா? "விலை குறைப்பு", "நகை திருட்டு" போன்றவையும் இதே வகை. திறப்பு பெயர்தான், ஆனால் அதற்குள் திறத்தல் என்ற வினை உயிரோடு இருக்கிறது. கடையைத் திறப்பது என்று விரிகிறது. வினையின் பக்கம் சாய்ந்தால் ஒற்று இல்லை, பெயராகிவிட்டது என்று கொண்டால் உண்டு. அழைப்பிதழ்களிலும் செய்தித்தாள்களிலும் ஒற்றில்லாத வடிவமே அதிகம் தென்படுகிறது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான், "யை" இன்னும் காதில் கேட்கும் வரை. ஒற்றுப் போடுகிறவர் அதே நூலில் "விலைக் குறைப்பு", "நகைத் திருட்டு" என்றும் போட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, போட்டிருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.